ஆறு பாடங்கள், அறுபது நாள்கள்: பிளஸ் டூ திருப்புதலுக்கு எந்த நாள்காட்டி?

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்ததும், பிளஸ் டூ மாணவர் உள்ள வீடுகளில் ஒரு கால அட்டவணை எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்படுகிறது. பெரும்பாலும் அதில் எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணி நேரம் படிப்பது என்பவைதாம் இருக்கும். ஒருமுறை திருப்பிப் பார்த்த பாடத்தை மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. கடைசி இரண்டு மாதங்களில் முடிவு செய்ய வேண்டியது அதுதான், ஏனென்றால் படித்தது தேர்வு நாளில் நினைவில் நிற்குமா என்பது மொத்த நேரத்தை மட்டுமல்லாமல், அந்த நேரம் எந்த இடைவெளிகளில் பிரிந்து கிடக்கிறது என்பதையும் பொறுத்தது.

மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் நாள்காட்டிகள் ஏறத்தாழ நான்கு வகைக்குள் அடங்கும். அவற்றை ஒப்பிடுவதற்கு ஒரு குறிப்பிட்ட மாணவரை எடுத்துக்கொள்கிறேன். அவர் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல்–கணிதப் பிரிவில் படிக்கிறார். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற ஆறு பாடங்களும் நூறு நூறு மதிப்பெண்ணாக 600. திருப்புதல் ஜனவரி 2 வியாழக்கிழமை தொடங்குகிறது என்றும், பொதுத்தேர்வு மார்ச் 3-இல் தமிழ், 6-இல் ஆங்கிலம், 11-இல் கணிதம், 18-இல் உயிரியல், 21-இல் வேதியியல், 25-இல் இயற்பியல் என்று நடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் தேர்வுக்கு முன்னால் சரியாக அறுபது நாள்கள் இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு

எந்த நாள்காட்டியையும் எடைபோட இரண்டு எண்கள் வேண்டும்: திருப்பிப் பார்க்க வேண்டிய பகுதிகள் எத்தனை, அதற்குக் கையில் இருக்கும் அமர்வுகள் எத்தனை என்பவை.

ஒரு பகுதி என்பதை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்து, பிறகு திறந்து சரிபார்க்க 45 நிமிடம் பிடிக்கும் அளவு என்று கொள்கிறேன். கணிதத்தில் பன்னிரண்டு பாடங்கள் உள்ளன. எதுவும் அந்த நேரத்துக்குள் அடங்காது என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் 24 பகுதிகள். இயற்பியலின் பதினொரு அலகுகளில் மின்காந்த அலைகள், இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகள் ஆகிய இரண்டைத் தனித்தனியே ஒரு பகுதியாகவும் மற்றவற்றை இரண்டாகவும் கொண்டால் 20. வேதியியலின் பதினைந்து அலகுகளில் அணைவு வேதியியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல், கரிம வேதியியலின் இரண்டு பெரிய அலகுகள் ஆகியவற்றைப் பிரித்தால் அதுவும் 20. உயிரியலில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து 22. தமிழில் எட்டு இயல்கள், ஆங்கிலத்தில் ஆறு அலகுகள். கூட்டினால் நூறு பகுதிகள்.

அமர்வுகளின் பக்கம் பார்ப்போம். பள்ளி நாளில் வீட்டில் கிடைக்கும் உருப்படியான நேரம் காலையும் இரவும் சேர்த்து மூன்று மணி, அதாவது நான்கு அமர்வுகள். சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு இருக்கும் என்பதால் அதையும் பள்ளி நாளாகவே கொள்ள வேண்டும். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு ஏழு அமர்வுகள். ஆக 267. பொங்கல், செய்முறைத் தேர்வு, காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு 27-ஐக் கழித்தால் மிஞ்சுவது 240 அமர்வுகள், அதாவது 180 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று எழுதப்படும் அட்டவணைகள் மூன்றாம் நாளே சரிந்துவிடுவதற்குக் காரணம், இந்தக் கழித்தலை யாரும் செய்யாமல் விடுவதுதான்.

ஒரு பாடத்தை முடித்துவிட்டு அடுத்தது

முதல் வகை எல்லோருக்கும் பழக்கமானது: அறுபது நாளை ஆறால் வகுத்து, ஒரு பாடத்துக்குப் பத்து நாள். கடைசியில் வரும் இயற்பியலை முதலிலும், முதலில் வரும் தமிழைக் கடைசியிலும் வைப்பது இதில் வழக்கம்.

இதன் ஈர்ப்பு புரிந்துகொள்ளக் கூடியதுதான். பத்து நாளில் ஒரு பாடத்தை முழுதாக முடித்தோம் என்ற நிறைவு கிடைக்கிறது, தொடர்ச்சி அறுபடுவதில்லை. ஆனால் ஜனவரி 11-இல் முடித்த இயற்பியல் மார்ச் 25-இல் கேட்கப்படுகிறது. நடுவில் 73 நாள்கள். அந்த 73 நாளில் நாள்காட்டி ஒருமுறைகூட இயற்பியலைத் தொடுவதில்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று நாளில் மாணவர் இயற்பியலைத் திறக்கும்போது, ஜனவரியில் தடையில்லாமல் எழுதிய வருவித்தல்களின் முதல் வரிகூட வராமல் போவது அவருடைய திறமைக் குறைவால் அன்று, நாள்காட்டியின் அமைப்பால்தான்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு. வகுப்பில் நடந்தபோதே புரியாமல் போன பாடங்களை, எடுத்துக்காட்டாகக் கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல்களை, திருப்புதல் என்ற பெயரில் இருபது நிமிடத் துணுக்குகளாகப் பார்ப்பதில் பயனில்லை. அவற்றை முதன்முறையாகக் கற்க இரண்டு மூன்று அமர்வுகள் தொடர்ந்து வேண்டும். அப்படிப்பட்ட பாடங்களைத் தனியே பட்டியலிட்டு, ஜனவரியின் முதல் இரண்டு ஞாயிறுகளில் தொகுதியாக முடித்துவிட்டு, பிறகு மற்றவற்றோடு சேர்ப்பது சரியான வழி.

தினமும் ஆறு பாடம்

இரண்டாவது வகை பள்ளி அட்டவணையைப் பார்த்து எழுதப்படுவது. மூன்று மணி நேரத்தை ஆறாகப் பிரித்து, தினமும் ஒவ்வொரு பாடத்துக்கும் அரை மணி நேரம். எந்தப் பாடமும் விடுபடாது என்பதால் பெற்றோருக்கு இது மிகவும் பிடிக்கும், பார்வைக்கு இதுதான் இடைவெளிவிட்டுப் படிப்பது போலவும் தோன்றும்.

ஆனால் தினமும் திரும்பி வருவது பாடம்தான், பகுதி அல்ல. கணிதத்தின் 24 பகுதிகளையும், பகுதிக்கு 45 நிமிடம் என்ற கணக்கில், தினம் அரை மணி நேரம் ஒதுக்கி ஒருமுறை முடிக்கவே 36 நாள்கள் ஆகும். ஜனவரி 2-இல் பார்த்த அணிகள் மறுபடி கண்ணில் படுவது பிப்ரவரி 7-இல். தினமும் கணிதம் போட்டுக்கொண்டே அணிகளை ஐந்து வாரம் மறந்திருக்க இந்த நாள்காட்டி இடம் தருகிறது. இடைவெளியை அளக்க வேண்டிய அலகு பாடம் அன்று, பாடத்துக்குள் இருக்கும் பகுதி என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இன்னொரு குறை, சமமாகப் பிரிப்பது நியாயமாகப் பிரிப்பது ஆகாது என்பது. 180 மணி நேரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் 30 மணி என்றால், தமிழின் ஒரு பகுதிக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. கணிதத்தின் ஒரு பகுதிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு முழு வினாத்தாள் எழுதக்கூட இதில் இடமில்லை. அரை மணி நேரத்தில் ஒரு நெடுங்கணக்கைத் தொடங்கி, எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1–3–7–21

மூன்றாவது வகை அண்மை ஆண்டுகளில் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. ஒரு பகுதியைப் பார்த்தபின் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று விரியும் இடைவெளிகளில் அதற்குத் திரும்ப வேண்டும். 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எர்மான் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து வெளியிட்ட மறதி பற்றிய ஆய்வுக்குப் பின், இப்படித் திரும்புவதன் பயன் பலமுறை உறுதியாகியிருக்கிறது. கோட்பாட்டளவில் இதில் பிழை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆறு பாடங்களை வைத்துக் கூட்டிப் பார்க்கும்போதுதான் இது உடைகிறது.

தினமும் நான்கு புதிய பகுதிகள் என்று தொடங்கினால், முதல் நாளே நான்கு அமர்வுகளும் தீர்ந்துவிடும். மறுநாளிலிருந்து திரும்பிப் பார்ப்பதற்கு நேரமே இல்லை. சரி, தினம் இரண்டு புதிய பகுதிகள் என்று குறைத்துக்கொள்வோம். புதியவற்றுக்கு 90 நிமிடம். மூன்றாம் வாரம் முடிந்தபின், எந்த ஒரு நாளிலும் நேற்றைய இரண்டு, மூன்று நாளுக்கு முந்தைய இரண்டு, ஏழு நாளுக்கு முந்தைய இரண்டு, இருபத்தொரு நாளுக்கு முந்தைய இரண்டு என எட்டுப் பகுதிகள் காத்திருக்கும். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றாலும் 160 நிமிடம். ஆக 250 நிமிட வேலை, கையில் இருப்பதோ 180 நிமிடம். தினமும் எழுபது நிமிடக் கடன் சேர்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தாலும் அந்த வாரத்தின் கடன் அடைவதில்லை. மேலும், தினம் இரண்டு என்ற வேகத்தில் நூறு பகுதிகளைத் தொட ஐம்பது நாள் ஆகும். ஐம்பதாம் நாள் தொட்ட பகுதிக்கு இருபத்தோராம் நாள் என்பது தேர்வுகளின் நடுவில் போய் விழுகிறது.

ஒரே ஒரு பாடத்துக்கோ, ஆண்டின் தொடக்கத்திலிருந்தோ இதைப் பின்பற்றுபவருக்கு இந்தச் சிக்கல் வராது. ஜனவரியில் தொடங்கி ஆறு பாடங்களுக்கும் இதை விரிப்பவர், இரண்டாம் வாரத்திலேயே பின்தங்கி, பின்தங்கிய பகுதிகளின் பட்டியலைப் பார்த்தே மனம் தளர்ந்து, நாள்காட்டியைக் கைவிடுகிறார். அந்த இழப்புதான் எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் நால்வகையிலும் நினைவின் இயல்பை நன்கு அறிந்த முறை இது.

விளைவைப் பார்த்துத் தேதி குறிப்பது

நான்காவது வகையில் முன்கூட்டியே தேதிகள் இல்லை. ஒரு பகுதியைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு குறி இட வேண்டும். பாதிக்கு மேல் விட்டுப்போனால் சிவப்பு, மூன்று நாளில் மறுபடி. சில படிகள் மட்டும் தவறினால் மஞ்சள், பத்து நாளில். சரியாக வந்தால் பச்சை, இருபது நாளில். தெரிந்ததில் நேரத்தைச் செலவிடாமல் தெரியாததில் செலவிட வைக்கும் என்பதால் இது சிக்கனமான முறை.

சின்னச் சின்னச் செய்திகளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வேதியியலின் பெயர் பெற்ற வினைகள், உயிரியலின் கலைச்சொற்கள், இயற்பியலின் அலகுகளும் சமன்பாடுகளும், ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி மூன்று உறைகளில் போட்டு வைத்தால், பேருந்திலும் உணவு இடைவேளையிலும்கூட இந்த வேலை நடக்கும்.

முழு நாள்காட்டியையும் இதனிடம் ஒப்படைக்கும்போது இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, வலுவில்லாத ஒரு பாடம் எல்லா நேரத்தையும் விழுங்கிவிடும். இயற்பியலின் இருபது பகுதிகளில் பன்னிரண்டு சிவப்பாக இருந்தால், மூன்று நாளுக்கொருமுறை பன்னிரண்டு பகுதிகள் வந்து நிற்கும். தமிழும் உயிரியலும் பச்சைக் குறியோடு ஒரு மூலையில் கிடக்கும். பொறியியல் கட் ஆஃப் மதிப்பெண்ணில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று மட்டுமே கணக்கில் வருவதால், இந்தச் சாய்வை மாணவர்கள் தங்களுக்குள் நியாயப்படுத்தியும் விடுகிறார்கள். இரண்டாவது, குறியிடுபவர் மாணவரே என்பதால் புத்தகத்தைப் பார்த்தவுடன் “இது தெரியும்” என்ற உணர்வு பச்சைக் குறியாக மாறிவிடும். படித்தால் புரிவதும், பார்க்காமல் எழுத முடிவதும் வேறு வேறு. எழுதிய தாள் கையில் இல்லாமல் பச்சைக் குறி இடக் கூடாது என்ற ஒரு விதி இல்லாவிட்டால் இந்த முறை பொய்க் கணக்காகிவிடும்.

நான் பரிந்துரைப்பது

நான்கையும் எடைபோட்டபின், இந்த மாணவருக்கு நான் சொல்வது மூன்று சுற்று நாள்காட்டி. நூறு பகுதிகளும் மூன்று முறை வரும்: முதல் சுற்றில் முழு அமர்வு, இரண்டாம் சுற்றில் அரை அமர்வு, மூன்றாம் சுற்றில் பதினைந்து நிமிடம். 100, 50, 33 எனக் கூட்டினால் 183 அமர்வுகள். ஆறு பாடங்களுக்கும் ஒவ்வொரு முழு வினாத்தாள், எழுத நான்கு அமர்வு, திருத்த ஒன்று என்ற கணக்கில் 30. மொத்தம் 213. கையில் இருந்த 240-இல் 27 அமர்வுகள் எதுவும் எழுதப்படாமல் காலியாக நிற்கும். அந்த 27-ஐ நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை எழும், நிரப்பக் கூடாது. தவறிப்போன பகுதிகள் போய்ச் சேர ஓர் இடம் இருப்பதால்தான் நாள்காட்டி மார்ச் வரை உயிரோடு இருக்கிறது.

இடைவெளிகளை எப்படி முடிவு செய்வது? செப்பேடாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சில செய்திகளைக் கற்பித்து, பல்வேறு இடைவெளிகளில் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் செய்து, பிறகு சோதித்தார்கள். திருப்பிப் பார்த்ததிலிருந்து 35 நாள் கழித்துச் சோதனை என்றால் ஏறத்தாழ 11 நாள் இடைவெளியும், 70 நாள் என்றால் ஏறத்தாழ 21 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. சோதனை தள்ளிப்போகப் போக, உகந்த இடைவெளியும் நீள்கிறது. அந்த ஆய்வில் கற்பிக்கப்பட்டவை தனித்தனிச் செய்திகள்தாம், வகைநுண்கணிதக் கணக்குகள் அல்ல என்பதால், இந்த எண்களை நாள் பிசகாத விதியாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் நம்முடைய அறுபது நாளுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது: முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் பத்து முதல் பதினான்கு நாள், இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவில் மூன்று வாரம் அளவில். முன்னதாகத் தேர்வு வரும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடைவெளிகள் சற்றுக் குறுகலாம், மார்ச் 25 வரை நேரம் இருக்கும் இயற்பியலுக்கு நீளலாம்.

ஒரு நாளுக்கு இரண்டு பெரிய பாடங்கள் போதும். கணக்குப் போடும் பாடம் ஒன்று, எழுதி நினைவுகூரும் பாடம் ஒன்று என்று சேர்ப்பது வசதி: கணிதமும் உயிரியலும் ஒரு நாள், இயற்பியலும் வேதியியலும் மறுநாள். முதல் ஐந்து வாரத்துக்கு, அதாவது பிப்ரவரி 5 வரை, கையில் ஏறத்தாழ 140 அமர்வுகள். அதற்குள் முதல் சுற்று முழுவதும் முடிந்து, இரண்டாம் சுற்றில் அறுபது பகுதிகளும் முடிந்திருக்க வேண்டும். அது 130 அமர்வு வேலை. மீதமுள்ள மூன்றரை வாரத்தின் நூறு அமர்வுகளில் இரண்டாம் சுற்றின் எஞ்சிய நாற்பது பகுதிகள், மூன்றாம் சுற்று, ஆறு வினாத்தாள்கள் என 83 அமர்வு வேலை. இரண்டு கட்டங்களிலும் காலியிடம் இருப்பதைக் கவனியுங்கள்.

ஒரு பகுதியை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். இயற்பியல் முதல் அலகான நிலைமின்னியலின் முதல் பகுதி ஜனவரி 6-இல் வருகிறது. மாணவர் புத்தகத்தை மூடிவைத்து, கூலூம் விதி, மின்புலக் கோடுகளின் பண்புகள், மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் ஒரு புள்ளியில் மின்புலத்துக்கான வருவித்தல், நடுவரைக் கோட்டில் அதே வருவித்தல் ஆகியவற்றை எழுதுகிறார். இருபத்தைந்து நிமிடம் எழுதி, இருபது நிமிடம் புத்தகத்தோடு ஒப்பிடுகிறார். நடுவரைக் கோட்டு வருவித்தலில் எந்தக் கூறுகள் ஒன்றையொன்று நீக்குகின்றன, எவை கூடுகின்றன என்ற படி விட்டுப்போயிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் அதே தாளில் எழுதி, தாளைக் கோப்பில் சேர்க்கிறார். இரண்டாம் சுற்று ஜனவரி 17-இல் வர வேண்டியது. பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் என்பதால் ஒரு நாள் தள்ளி 18-இல் வருகிறது. அன்று முழுவதையும் மறுபடி எழுதுவதில்லை. சிவப்பு மையில் இருந்தவற்றை மட்டும் பார்க்காமல் எழுதி, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அரை அமர்வு முடிந்துவிடும். மூன்றாம் சுற்று பிப்ரவரி 10-இல். வினாக்களின் தலைப்புகளை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் படமும் முக்கியச் சமன்பாடுகளும் கொண்ட எலும்புக்கூட்டை எழுத வேண்டும். அதற்குப் பதினைந்து நிமிடம் போதவில்லை என்றால், அந்தப் பகுதி இன்னும் ஊறவில்லை என்று பொருள். காலியிடத்தில் அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். பிப்ரவரி 23 ஞாயிற்றுக்கிழமை முழு இயற்பியல் தாள், மார்ச் 22-இல் கடைசிப் பார்வை.

கணிதத்துக்கு மட்டும் இரண்டாம் சுற்றின் வடிவத்தை மாற்ற வேண்டும். ஒரே பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை வரிசையாகப் போடும்போது, எந்த முறையைப் பயன்படுத்துவது என்ற கேள்வியே எழுவதில்லை, அது தலைப்பிலேயே இருக்கிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளை வகைவாரியாகப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அந்த எண்கள் தலைகீழாயின: வகைவாரியாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. ஆகவே கணிதத்தின் இரண்டாம் சுற்றில் ஒரு பாடத்தை எடுக்காமல், முதல் சுற்று முடிந்த நான்கு பாடங்களிலிருந்து ஒவ்வொரு கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். பரப்பளவு காணும் கணக்கா, வகைக்கெழுச் சமன்பாடா, பெருமம் சிறுமமா என்று அடையாளம் காணும் வேலையே அங்கே பயிற்சியாகிறது. இப்படிச் செய்யும் வாரத்தில் தவறுகள் கூடும். பெற்றோர் அதைப் பார்த்துப் பதறி, பழைய முறைக்கே திரும்பச் சொல்லக் கூடாது.

மொழிப்பாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகுதிகளின் எண்ணிக்கையில் தமிழும் ஆங்கிலமும் நூற்றில் பதினான்குதான், ஆனால் மதிப்பெண்ணில் 600-இல் 200. நான் போட்ட கணக்கு இந்த இரண்டையும் குறைத்து மதிப்பிடுகிறது. இதைச் சரிசெய்ய முழு அமர்வுகளைக் கூட்டத் தேவையில்லை. மனப்பாடச் செய்யுளும் குறளும் இலக்கணக் குறிப்புகளும் தினம் காலையில் பத்து நிமிடம் கேட்பவை. அமர்வுக் கணக்குக்கு வெளியே, பள்ளிக்குக் கிளம்பும் முன் அவற்றுக்கு இடம் உண்டு. அவற்றை மேலே சொன்ன அட்டை உறைகளில் சேர்த்துவிடலாம். காலியாக விட்ட 27 அமர்வுகளில் மிஞ்சுபவற்றின் முதல் உரிமையும் மொழிப்பாடங்களுக்கே தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளியின் தேதிகளோடு ஒத்துப்போவது

வீட்டு நாள்காட்டி பள்ளியின் நாள்காட்டியோடு மோதினால் எப்போதும் தோற்பது வீட்டினுடையதுதான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் திருப்புதல் தேர்வுகள் வரும், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வரும். திருப்புதல் தேர்வில் எழுதிய பகுதிகளை வீட்டில் அதே வாரம் மறுபடி பார்ப்பது வீண். விடைத்தாள் கைக்கு வந்ததும், அந்தத் தேர்வையே ஒரு சுற்றாகக் கணக்கில் எடுத்து, தவறியவற்றுக்கு மட்டும் புதிய தேதி குறிக்க வேண்டும். அதுபோலவே, முழு மாதிரித் தாளைப் பள்ளியில் எழுதிவிட்டால், வீட்டில் அதற்கு ஒதுக்கிய ஐந்து அமர்வுகளில் நான்கு விடுபடும். திருத்தும் அமர்வை மட்டும் விடக் கூடாது.

நாள்காட்டி தவறுகிறது என்பதை எப்படி அறிவது

ஒவ்வொரு ஞாயிறு இரவும் இரண்டைப் பார்த்தால் போதும். முதலாவது, தேதி கடந்தும் தொடாத பகுதிகள் எத்தனை. எட்டுக்குள் இருந்தால் காலியிடங்கள் அவற்றைத் தாங்கும். பதினைந்தைத் தாண்டினால், அடுத்த வாரம் எல்லாவற்றையும் சேர்த்து முடிப்பேன் என்று உறுதி எடுப்பதில் பயன் இல்லை. முதல் சுற்றில் நன்றாக வந்த பகுதிகளின் இரண்டாம் சுற்றை ரத்து செய்து, அவற்றை நேராக மூன்றாம் சுற்றுக்கு அனுப்பிவிட வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்யாவிட்டால், எளிதானது நிலைத்து, கடினமானதே எப்போதும் விடுபடும்.

இரண்டாவது, இரண்டாம் சுற்றில் எவ்வளவு மறந்திருக்கிறது. எதுவுமே மறக்கவில்லை என்றால் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டோம், அந்தப் பாடத்தின் இடைவெளியை நீட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஏறத்தாழ எல்லாமே மறந்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: இடைவெளி அந்தப் பாடத்துக்கு அதிகம், அல்லது முதல் சுற்றில் எழுதாமல் வாசித்திருக்கிறார். கோப்பில் அன்றைய தாள் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் மறந்து, சற்று யோசித்தபின் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதுதான் சரியான நிலை. அந்தத் தடுமாற்றம் இருக்கும்போது மாணவருக்குத் தாம் பின்தங்கிவிட்டதாகத் தோன்றும். அது வேலை நடப்பதன் அடையாளம் என்பதை வீட்டில் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக, தேர்வுகளுக்கு நடுவிலுள்ள நாள்கள். நமது எடுத்துக்காட்டில் உயிரியலுக்கு முன்னால் ஆறு முழு நாள்கள், வேதியியலுக்கு முன்னால் இரண்டே நாள்கள். ஆறு நாளையும் உயிரியலுக்கே கொடுத்துவிடும் மாணவர், மார்ச் 18 மாலையில் இருபது வேதியியல் பகுதிகளைப் பார்த்துத் திகைத்து நிற்பார். மார்ச் 12, 13 ஆகிய இரண்டு நாள்களை வேதியியலுக்குக் கொடுத்து, 14 முதல் 17 வரை உயிரியலைப் பார்த்தால், 19, 20-இல் வேதியியலுக்குத் திரும்பும்போது நடுவில் ஒரு வாரமே ஆகியிருக்கும். இயற்பியலுக்கு 22, 23, 24 ஆகிய மூன்று நாள்கள் உள்ளன, இருபது பகுதிகளும் மூன்று சுற்று முடிந்தவை என்பதால் அவை தாராளம். ஆகவே உண்மையான தேர்வு அட்டவணை வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் எத்தனை முழு நாள்கள் இருக்கின்றன என்று எண்ணி, மிகக் குறைவாக உள்ள பாடத்தின் மூன்றாம் சுற்றைப் பிப்ரவரியின் கடைசி வாரத்துக்கு நகர்த்துவது.